பாம்பு கடித்த காலை ஆட்டக் கூடாது: வரப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு வழிகாட்டி

கார் நடவு முடிந்திருந்த நேரம். மடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சாயந்தரம் ஆறேகாலுக்கு வயலுக்குப் போன என் அண்ணன் மகன், பத்தே நிமிடத்தில் போன் பண்ணினான். "அத்தை, கணுக்காலுக்கு மேல சுருக்குன்னு கொத்திட்டு. இப்பமே எரியுது." கோயம்புத்தூரில் எட்டு வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருக்கிற எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் அரசு ஆஸ்பத்திரிகளில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், விஷக்கடி வார்டிலேயே பாதி நாள் கழிந்திருக்கிறது. அதனால் அவனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை: "ஏல, இருந்த இடத்துலயே உட்காரு. ஒரு அடி எடுத்து வைக்காத."

அவனைப் போலவே ஊருக்குத் திரும்பி வந்து வயலிலும் வாழைத்தோட்டத்திலும் இறங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் அசையக் கூடாது

பாம்பு கடித்ததும் விஷம் ரத்தத்தில் கலந்து நேராக நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால்தான் கையில் கிடைத்த கயிறை எடுத்துக் கட்டுகிறார்கள். பெரும்பாலான கடிகளில் நடப்பது அப்படியில்லை. பல் இறங்குவது தோலுக்கு அடியில்தான், பெரும்பாலும் ரத்தக் குழாய்க்குள் இல்லை. விஷத்தில் இருக்கிற புரதங்கள் பலவும் பெரியவை. அவை ரத்தக் குழாயின் சுவரைத் தாண்டிச் சுலபத்தில் உள்ளே போக முடியாமல், பக்கத்திலேயே ஓடுகிற நிணநீர்க் குழாய்களில் இறங்கி, மெல்ல மேலே போய் கடைசியில்தான் ரத்தத்தில் சேருகின்றன. ரத்தத்துக்கு இதயம் என்று ஒரு பம்பு இருக்கிறது, நிணநீருக்கு அப்படி எதுவும் கிடையாது. நம் தசைதான் அதற்குப் பம்பு. கெண்டைக்கால் ஒவ்வொரு தடவை சுருங்கி விரியும்போதும் ஒரு பிழி பிழிந்து மேலே தள்ளும்.

ஆக, நடந்தால் நாமே பம்பு அடித்து விஷத்தை ஏற்றுகிறோம். ஓடினால் இன்னும் வேகம். கால் மரக்கட்டை மாதிரி கிடந்தால் அதே விஷம் கடித்த இடத்திலேயே அதிக நேரம் தங்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கிறது. கடித்தது கால் என்றாலும் கையையும் உடம்பையும் சேர்த்தே அசைக்காமல் வைப்பது நல்லது, பதறினால் நாமறியாமலே உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்ளும்.

வரப்பில் செய்தது

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வயல்காரர் தன் துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டார். அவர் மேல் கோபமில்லை, அவருக்குத் தெரிந்ததை ஆசையாகச் செய்தார். ஆனால் அப்படி இறுக்கிக் கட்டுவதால் வருகிற கெடுதலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் கயிறு இறுகிக் கிடந்த கால்கள் கறுத்துப்போய், பாம்பு எடுக்காத விரலைக் கயிறு எடுத்துவிடும். விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கக்கூடியது, அதை ஒரே இடத்தில் தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்தினால் அந்தச் சதை எப்படிப் பிழைக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஏற்கெனவே இறுகக் கட்டி நேரமாகிவிட்டது என்றால் வீட்டில் வைத்துச் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது, தேங்கி நின்ற விஷம் ஒரே மூச்சாக மேலே போகும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார், மருந்தும் மூச்சுக்கான ஏற்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவிழ்ப்பார்கள். எங்கள் பையனுக்குக் கட்டி ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, கட்டும் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது, பாதத்தில் நாடியும் தெரிந்தது. அதனால் நான் அதை அவிழ்த்துவிட்டேன்.

அடுத்து செருப்பைக் கழற்றினேன். பெண்கள் என்றால் கொலுசு, மெட்டி, கையில் கடித்தால் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும், வீங்கின பிறகு அவை சதைக்குள் இறுகி, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காயத்தை நான் கழுவவில்லை, தேய்க்கவுமில்லை. சோப்பு போட்டுத் தேய்ப்பது, ஐஸ் வைப்பது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கீறினால் வெளியே வருவது விஷமில்லை, ரத்தம்தான், அதுவும் விரியன் கடித்த உடம்பில் ரத்தம் உறையாமல் போகக்கூடும் என்பதால் சின்னக் கீறலே நிற்காமல் வழியும்.

அப்புறம் காலை அசையாமல் கட்டுவது. கை எலும்பு முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுவோமே, அதே வேலைதான். மோட்டார் ரூமில் கிடந்த இரண்டு மூங்கில் கம்பை முறித்து, காலின் இரண்டு பக்கமும் வைத்து, பாதத்திலிருந்து தொடை வரைக்கும் மூன்று இடத்தில் வேட்டித் துணியால் கட்டினோம். கம்பு கிடைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை, கடிபட்ட காலையும் நல்ல காலையும் சேர்த்து, நடுவில் மடித்த துண்டு வைத்துக் கட்டினால் போதும். கட்டுக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும், கால் அசையாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கட்டு, ரத்தத்தை நிறுத்துவதற்கு இல்லை. கையில் கடித்தால் முழங்கையை மடக்கி, கழுத்திலிருந்து துண்டால் தொங்க விடலாம்.

ஆஸ்திரேலியாவில் கிரேப் பேண்டேஜைக் கீழிருந்து மேல்வரை அழுத்தமாகச் சுற்றுவார்கள் என்று வீடியோ பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அங்கே இருக்கிற பாம்புகள் பெரும்பாலும் நரம்பைத் தாக்குகிறவை, சதையை அதிகம் அழிப்பதில்லை. நம் வயலில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடிக்கிறது, நமக்கு அது வேண்டாம், அசையாமல் வைப்பதோடு நிறுத்துவோம்.

வரப்பிலிருந்து ரோட்டுக்கு முந்நூறு அடி. கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குள் 108-க்குச் சொல்லியாயிற்று. ஆம்புலன்ஸ் வர முடியாத இடம் என்றால் பைக்கில் நடுவே உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம், அவராக நடந்து ரோட்டுக்கு வருவதைவிட அது எவ்வளவோ மேல். போகும்போதே, எந்த ஆஸ்பத்திரியில் இப்போது விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று 108-காரர்களிடமே கேட்டுவிடுங்கள்.

ஒரு பால்பாயிண்ட் பேனா இருந்தால் மறக்காமல் இதைச் செய்யுங்கள். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த ஓரத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். 6.50-க்கு அவனுக்குக் கோடு கணுக்காலில் இருந்தது, 7.15-க்கு நான்கு விரல் மேலே. நாம் வாயால் ஆயிரம் சொன்னாலும் டாக்டருக்கு அந்த இரண்டு கோடு சொல்கிற அளவுக்குச் சொல்லாது.

கோழிக்குஞ்சும் வேப்பிலையும்

கட்டிலைத் தூக்கும்போதே ஒரு பெரியவர், "வேப்பிலை கொடுத்துப் பாருங்க, கசக்கலைன்னா ஏறிட்டுன்னு அர்த்தம்" என்றார். இன்னொருவர் கடிவாயில் கோழிக்குஞ்சை வைக்கச் சொன்னார், ஒவ்வொன்றாகச் சாகச் சாக விஷம் இறங்குமாம். விஷக்கல் ஒட்டுவது, சிறியாநங்கை அரைத்துக் கொடுப்பது, மந்திரிப்பது, இவையெல்லாம் நம் பக்கத்தில் இன்றைக்கும் நடக்கிறது, படித்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது.

இவற்றை நம்புகிறவர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறார்கள். கல் ஒட்டினவர்கள் பிழைத்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் நம் ஊரில் கடிக்கிற பாம்புகளில் பெரும்பகுதி சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் போன்ற விஷமில்லாதவை. நல்ல பாம்பும் விரியனும் கடித்தால்கூட சில தடவை விஷத்தை இறக்காமலே விட்டுவிடும். இவர்களெல்லாம் கல் ஒட்டினாலும் பிழைப்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்தாலும் பிழைப்பார்கள். கல் தோற்றுப்போன ஆட்கள் எங்களிடம் வந்தார்கள், மூன்று மணி நேரம் கழித்து, வாயில் நுரையோடு. வார்டில் இருந்த எனக்கு அவர்கள்தான் தெரியும், ஊருக்குப் பிழைத்தவர்களைத்தான் தெரியும்.

வேப்பிலையில் வேறு ஆபத்தும் உண்டு. கசந்தால் விஷமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், நரம்பு தளர்ந்து விழுங்க முடியாத நேரத்தில் கொடுத்தால் அது மூச்சுக்குழாயில் போகும். அதனால் டீ, சாராயம், கஷாயம் எதுவும் வாய் வழியே வேண்டாம். வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக், புரூஃபென், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அவை ரத்தக் கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் பரவாயில்லை. போகிற வழியில் தெரிந்த கிளினிக்கில் நிறுத்தி இடுப்பில் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்றும் யோசிக்காதீர்கள், ரத்தம் உறையாத உடம்பில் அந்த ஊசி போட்ட இடமே உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். டி.டி.யைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. தேடப் போய் இரண்டாவது ஆள் கடிபட்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன், வெட்டின தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் வைத்தியம் நிற்காது, ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன். ஆனால் ராத்திரியில் பாம்பு என்று சொல்லக் கூடாது என்று "பூச்சி கடிச்சிட்டு" என்பது நம் வழக்கம், ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் அதை விட்டுவிட்டுப் பாம்பு என்றே சொல்லுங்கள்.

ஊசி எப்போது போடுவார்கள்

7.20-க்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். டியூட்டி டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சலைன் ஏற்றினார், விஷமுறிவு மருந்து போடவில்லை. அண்ணன் துடித்துப்போனான். "பாம்பு கடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு, மருந்த அலமாரியில வச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்காங்களே" என்று மதினி அழுதாள். டாக்டர் செய்தது சரி. இந்த ஒரு இடத்தில்தான் வீட்டுக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சண்டை வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விஷமுறிவு மருந்து குதிரையின் உடம்பில் உண்டாக்கப்படுவது. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்பொருளைப் பிரித்துத் தூளாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்த விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். இந்த நான்கில் எது என்று தெரியாவிட்டாலும் போடலாம், அதனால்தான் பாம்பைத் தேட வேண்டாம் என்றேன்.

குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அரிப்பு, தடிப்பு, வாந்தியில் தொடங்கி, மூச்சுத் திணறி பி.பி. இறங்குகிற வரை போகலாம். விஷமே இறங்காத ஒருவருக்கு இந்த ஆபத்தை ஏன் கொடுக்க வேண்டும்? பல் பட்ட அடையாளம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து போட மாட்டார்கள், விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் தெரிய வேண்டும்.

அந்த அடையாளங்களில் முதலாவது ரத்தம் உறையாமல் போவது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் யாரும் தொடாமல் நிறுத்தி வைத்து, பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டித்தயிர் மாதிரி நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் உறைய வைக்கிற பொருட்களைத் தின்று தீர்த்துவிட்டது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், ரத்தம் உறைவதைக் கண்ணாடிதான் தூண்டும், பிளாஸ்டிக் அதைச் செய்யாது. சோப்பில் கழுவின குழாயும் ஏமாற்றிவிடும். புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு தடவையும் சொன்னது, அந்தக் குழாயைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்காதே என்பதுதான்.

இரண்டாவது, நரம்பு தளர்வது. கண் இமை தானாக இறங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கழுத்து நிற்காது, பிறகு மூச்சு. மூன்றாவது, வீக்கம் வேகமாக ஏறி மூட்டுகளைத் தாண்டிப் போவது. ஈறிலோ மூக்கிலோ சிறுநீரிலோ ரத்தம் வருவதும் இதோடு சேரும். இவற்றில் ஒன்று தெரிந்தால் போதும், காத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பையனுக்கு முதல் குழாய் உறைந்தது, எட்டு மணிக்கு வைத்ததும் உறைந்தது. 8.40-க்கு வைத்ததை ஒன்பது மணிக்குச் சாய்த்தபோது சிவப்புத் தண்ணீராக ஓடியது. அதே நேரம் எச்சில் துப்பினான், ஈறில் ரத்தம். பேனாக் கோடு முழங்காலைத் தொட்டிருந்தது. உடனே 10 குப்பி மருந்தைக் கரைத்து, சலைனில் கலந்து, ஒரு மணி நேரத்தில் இறங்குகிற மாதிரி நரம்பில் ஏற்றினார்கள். கடித்த இடத்தில் இதைப் போடுவதில்லை, அதில் பயனில்லை. குழந்தைக்கும் இதே அளவுதான், ஆள் சின்னதாக இருப்பதால் பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லையே.

கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு வந்தது, இருமினான். மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டார்கள், சற்று அடங்கியதும் மறுபடி மெதுவாகத் தொடங்கினார்கள். இதைப் பார்த்துவிட்டு "மருந்து ஒத்துக்கலை, வேண்டாம்" என்று வீட்டார் தடுப்பது உண்டு, தடுக்காதீர்கள். ஒவ்வாமைக்கு மருந்து இருக்கிறது, விஷத்துக்கு இந்த ஒன்றுதான்.

மருந்து ஏறி முடிந்ததும் ரத்தம் உறைந்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மருந்து விஷத்தைப் பிடித்துக் கட்டுமே தவிர, தீர்ந்துபோன பொருட்களைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு ஆறு மணி நேரமாவது ஆகும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய் வைத்தார்கள், விடியற்காலையில் உறைந்தது. அப்போதும் உறையாவிட்டால் இன்னொரு சுற்று மருந்து. அதுவரை ஒவ்வொரு தடவையும் சிறுநீரை அளந்து வைத்தோம், கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால். அளவு குறைந்தாலோ கடுங்காப்பி நிறத்தில் வந்தாலோ டயாலிசிஸ் வசதி இருக்கிற இடத்துக்கு, எங்களுக்குத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி, அனுப்பத் தயாராக இருந்தார்கள். அது தேவைப்படவில்லை.

முதல் மூன்று நான்கு மணி நேரம் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 24 மணி நேரம் இருந்தே ஆக வேண்டும்.

கட்டு விரியன் மட்டும் வேறு மாதிரி

மேலே சொன்னதெல்லாம் வலியும் வீக்கமும் உள்ள கடி. ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கட்டு விரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடத்தைத் தேடினாலும் தெரியாது. விடியற்காலை நான்கு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பார், வாந்தி எடுப்பார், வாயுக்கோளாறு என்று சோடா கொடுப்பார்கள். பிறகு இமை இறங்கும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணை முழுசாகத் திறக்க முடியவில்லை என்றால், கடி தெரியாவிட்டாலும் பாம்பு என்றே நினைத்து ஓடுங்கள். இங்கே ரத்தம் உறைகிறதா என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய்ச் சோதனை சரியாகத்தான் இருக்கும், இமையைப் பார்த்துத்தான் மருந்து போடுவார்கள், பல நேரம் மூச்சுக்கு வென்டிலேட்டரும் வேண்டும். வழியில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கை கால் அசையாமல், கண் திறக்காமல் கிடந்தாலும் அவர் காதில் நீங்கள் பேசுவது விழும், அழுது புலம்பாதீர்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள், அப்படி வந்து பிழைத்தவர்கள் உண்டு.

பாபநாசம், மாஞ்சோலை பக்கம் மலையில் கடிபட்டால் டாக்டரிடம் அந்த இடத்தைச் சொல்லுங்கள். மலையில் இருக்கிற குழி விரியன் வகைகளுக்கு நம்மிடம் உள்ள மருந்து வேலை செய்யாது. அது தெரிந்தால் வீணாகக் குப்பி குப்பியாக ஏற்றாமல் மற்ற வைத்தியத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் பையன் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். பதினோராம் நாள் காய்ச்சலும் முழங்கால், மணிக்கட்டில் வலியும் உடம்பில் தடிப்பும் வந்தது. விஷம் மறுபடி ஏறிவிட்டது என்று வீடே பயந்தது. அது விஷமில்லை, குதிரைப் புரதத்துக்கு உடம்பு தாமதமாகக் காட்டுகிற எதிர்ப்பு, மருந்து ஏற்றி ஒன்றிரண்டு வாரத்துக்குள் சிலருக்கு வரும். அதே டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சீட்டோடு போனோம், மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.